மகளுக்கு ஒரு கடிதம் – இனிஷியல் பற்றி

நாளை காலை என் மகளுக்குத் திருமணம். ஊரிலிருந்து வந்த சொந்தங்கள் எல்லாம் மண்டபத்தில் இறங்கியாகிவிட்டது. இன்று அவளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்க பசங்களுக்கும் போடுங்கப்பா, பாதிப் பேர் இதே கேள்வியோடதான் இருப்பாங்க" என்றாள். என்னிடம் படித்த பெண் பிள்ளைகள் பலர் கல்யாணமான பிறகு பள்ளிக்கூட அலுவலகத்துக்கு வந்து என்னிடம் இதையே கேட்டது உண்டு. ஆகவே அவள் அனுமதியோடு இங்கே பதிகிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

அன்பு மகளுக்கு,

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் நீ கேட்டாய். "அப்பா, அவங்க வீட்டு ஆச்சி இனிமே இனிஷியலை மாத்திக்கோம்மான்னு சொன்னாங்க. நான் மாத்திக்கிட்டா உங்களுக்கு வருத்தமா இருக்குமா?" நான் உடனே பதில் சொல்லவில்லை. "எழுதித் தர்றேன்" என்றேன். ஆசிரியர் புத்தி, எதையும் எழுதினால்தான் தெளிவாகச் சொன்ன மாதிரி இருக்கிறது.

முதலில் உன் கேள்விக்கு நேரான பதில். எனக்கு வருத்தம் இருக்காது. அந்த ஆச்சி தப்பாகவும் எதுவும் சொல்லவில்லை. "நீ எங்க வீட்டுப் பொண்ணு" என்பதை அவர்கள் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அதைப் பாசமாகவே எடுத்துக்கொள். ஆனால் என் வருத்தம் வேறு, உன் பெயர் வேறு. பெயர் விஷயத்தில் முடிவெடுக்கும் முன் நீ தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. முப்பத்து நாலு வருஷம் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதியவன் என்ற முறையில் அவற்றைச் சொல்கிறேன்.

உன் பெயருக்கு முன்னால் நிற்கும் 'மு.' என்பது என்ன என்று யோசித்துப் பார். அது நம் குடும்பப் பெயர் இல்லை. நம் ஊர்ப்பக்கம் குடும்பப் பெயர் என்று ஒன்றும் கிடையாது. முன்பு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருந்தது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பிறகு தமிழ்நாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அது உதிர்ந்தது. மிஞ்சியது அப்பாவின் பெயரில் முதல் எழுத்து மட்டும்தான். என் இனிஷியல் உன் தாத்தாவின் எழுத்து. உன் இனிஷியல் என் எழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிக்கொண்டே போகும்.

வடக்கே ஒரு பெண் கல்யாணமான பின் கணவர் வீட்டுப் பெயரைச் சேர்த்துக்கொண்டால், மாமனார், மாமியார், நாத்தனார், நாளைக்குப் பிறக்கப் போகும் பிள்ளை என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு பெயரை அவள் ஏற்றுக்கொள்கிறாள். நம் வழக்கத்தில் அப்படி இல்லை. நீ இனிஷியலை மாற்றினால் வருவது மாப்பிள்ளையின் சொந்தப் பெயரின் முதல் எழுத்து. மாப்பிள்ளையின் இனிஷியலோ அவருடைய அப்பாவின் எழுத்து. ஆக, ஒரே வீட்டில் இருந்தாலும் உங்கள் இருவர் இனிஷியலும் ஒன்றாகப் போவதில்லை. 'இனிஷியல் மாற்றினால் ஒரே குடும்பம்' என்று பலர் நினைப்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காததால்தான்.

வகுப்பில் ஒரே வருஷம் நாலு மகாலட்சுமி வந்து உட்காருவார்கள். இனிஷியல் இல்லாமல் என்னால் ஒருத்தியையும் கூப்பிட முடியாது. அந்த எழுத்து 'இந்த மகாலட்சுமி யார் பிள்ளை?' என்ற கேள்விக்கு விடை. அதன் வேலையே அவ்வளவுதான். நீ யாருக்கு மனைவி என்பதற்கான விடை வேறு. அது நாளையிலிருந்து ஆரம்பிக்கிறது. ஆனால் யார் பிள்ளை என்பதற்கான விடை நாளைக்கும் மாறாது, அதற்கு அப்புறமும் மாறாது.

சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறது. கல்யாணமானால் பெண் பெயரையோ இனிஷியலையோ மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பான் கார்டு விண்ணப்பத்தில் அப்பா பெயர் கேட்கும் இடத்தில், கல்யாணமான பெண்களும் அப்பா பெயரையே எழுத வேண்டும், கணவர் பெயரை எழுதக் கூடாது என்று குறிப்பு போட்டிருப்பார்கள். எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும். வருமான வரிக்காரர்களுக்குக் கூட நீ யார் மகள் என்பது கடைசி வரை வேண்டியிருக்கிறது.

பல படிவங்களில் 'தந்தை / கணவர் பெயர்' என்று சாய்கோடு போட்டு ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் நிறையப் பெண்கள் இனிஷியலும் மாற வேண்டும் போல என்று நினைத்துவிடுகிறார்கள். அது உறவைக் கேட்கும் கட்டம். அதில் கணவர் பெயரை எழுதினாலும் உன் பெயர் இருக்கிற கட்டத்தில் 'மு.' அப்படியே இருக்கலாம். வாக்காளர் அட்டையிலும் அப்படித்தான். உறவு என்ற இடத்தில் தந்தைக்குப் பதில் கணவர் என்று திருத்திக்கொள்ளலாம், பெயரைத் தொட வேண்டியதில்லை. இந்த இரண்டு கட்டத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

இனி அம்மா கதை. உனக்குக் கொஞ்சம்தான் தெரியும். அப்போது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய், நாங்கள் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை.

அம்மாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அவள் இனிஷியல் 'சி.' உன் தாத்தாவின் எழுத்து. ஆங்கிலத்தில் அதற்குச் 'சி' என்ற எழுத்தையே போட்டிருந்தார்கள். கல்யாணமாகி வந்ததும் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனோம். எழுதியவர் யாரையும் கேட்காமல் 'மு.' என்று போட்டுவிட்டார். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். அந்தக் கார்டைக் காட்டி வங்கிக் கணக்குத் திறந்தாள், பாஸ்புக்கிலும் 'மு.' வந்தது. வாக்காளர் அட்டை, பிறகு ஆதார் என்று ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டது. இருபது வருஷத்தில் அம்மாவுக்கு இரண்டு பெயர் ஆகிவிட்டது. சான்றிதழ் இருக்கும் டிரங்குப் பெட்டிக்குள் ஒருத்தி, மற்ற இடமெல்லாம் இன்னொருத்தி.

2014-ல் தாத்தா தவறினார். அம்மா பெயரை நியமனதாரராகப் போட்டு ஒரு வங்கியில் வைப்புத்தொகை வைத்திருந்தார். பெரிய தொகை இல்லை, தென்னந்தோப்பு குத்தகைப் பணத்தை மிச்சம் பிடித்துப் போட்டது. அவர் தன் கையால் எழுதிக் கொடுத்த பெயர் 'சி.' இனிஷியலோடு. பிறந்ததிலிருந்து அவருக்கு அவள் அப்படித்தானே. அம்மா கொண்டுபோன ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் 'மு.'

மேலாளர் நல்ல மனிதர், தாத்தாவை நேரில் தெரிந்தவர். "எனக்குத் தெரியும் மேடம், ஆனா பேப்பருக்குத் தெரியணுமே" என்றார். தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழிலும் அம்மா பெயர் 'மு.' என்றே இருந்தது, ஆதாரைப் பார்த்து எழுதியதால். பிறகு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனோம். அதில் இருப்பவளும் இவளும் ஒருத்திதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அடுத்த கேள்வி வந்தது. எங்கள் கல்யாணத்தை நாங்கள் பதிவு செய்திருக்கவில்லை, அப்போது அது கட்டாயமும் இல்லை. கடைசியில் உதவியது எங்கள் கல்யாணப் பத்திரிகை. உன் ஆச்சி அதை ராமாயணப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அதில் 'சி.' இனிஷியலோடு அம்மா பெயரும், தாத்தா பெயரும், என் பெயரும் ஒரே தாளில் இருந்தன. அதையும் வைத்து, இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை என்று முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தோம். ஐந்து தடவை அலைந்தோம், நாலு மாதம் ஆனது.

பணம் வந்துவிட்டது. ஆனால் மூன்றாவது தடவை வங்கியிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னது எனக்கு மறக்கவில்லை. "எங்கப்பா எனக்குன்னு வச்சுட்டுப் போனதை வாங்க, நான் எங்கப்பா பொண்ணுதான்னு நான் நிரூபிக்க வேண்டியிருக்கு பாத்தீங்களா." அப்பா போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் இதைச் சொல்வது உன்னைப் பயமுறுத்த இல்லை. எங்கே சிக்குகிறது என்பதைக் காட்டத்தான். அம்மாவுக்கு 'மு.' வந்ததால் சிக்கல் வரவில்லை. பாதி இடத்தில் வந்து பாதி இடத்தில் வராததால்தான் வந்தது. இடையில் இரண்டையும் இணைக்கும் ஒரு தாள் இல்லாததாலும்தான். முழுக்க மாற்றாமல் இருப்பவளுக்குத் தொல்லை இல்லை. முறையாக எல்லா இடத்திலும் மாற்றுகிறவளுக்கும் பெரிய தொல்லை இல்லை. அரைகுறையாக மாறுகிறவள்தான் அலைகிறாள். அரைகுறையாக மாறுகிறவர்களில் பெரும்பாலோர் தாமாக மாற்றுவதும் இல்லை. வேறு யாரோ படிவம் நிரப்பும்போது மாறிவிடுகிறது.

இதை நீ எப்படிக் கண்டுபிடிப்பாய் என்றால், உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பான், பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம் ஐந்தையும் மேசையில் வரிசையாக வை. ஐந்திலும் ஒரே ஆள் தெரிகிறாளா என்று பார். போன மாதம் நீ ஊருக்கு வந்திருந்தபோது நான் பார்த்துவிட்டேன், உன்னுடையதில் சரியாகவே இருக்கிறது. பத்தாவது தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போது மூன்று முறை சரிபார்த்தது வீண் போகவில்லை. மற்ற பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பார்ப்பேன். ஏனென்றால் அந்தச் சான்றிதழ்தான் கடைசி வரை அடிப்படை. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை அதில் மாற்றித் தரச் சொல்லிப் பழைய மாணவிகள் வருவார்கள். அது முடியாதம்மா என்பேன். அது பதினைந்து வயதில் எடுத்த புகைப்படம் மாதிரி, அன்றைக்கு நீ எப்படி இருந்தாயோ அப்படித்தான் இருக்கும். பின்னால் பெயரையே மாற்றி அரசிதழில் வெளியிட்டாலும், பழைய சான்றிதழோடு அந்த அரசிதழ்ப் பக்கத்தையும் சேர்த்துக் காட்டுவதுதான் வழி.

பாஸ்போர்ட் பற்றித் தனியாக ஒன்று. அதில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பெயர் என்று ஒரு கட்டம், குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் அந்த இடத்தில் என் பெயர் போயிற்று. நீ பயிற்சிக்குச் சிங்கப்பூர் போனபோது விமான நிலையத்தில் உன்னை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே போனில் சொன்னாயே, அதனால்தான். நாற்பது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட எனக்கு, என் பெயரை ஒரு வெளிநாட்டுக்காரி மைக்கில் கூப்பிட்டாள் என்பதில் கொஞ்சம் பெருமைதான்.

குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடலாம். ஆனால் அப்படி விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் அவர்கள் பெயரையே குடும்பப் பெயர் ஆக்கி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கமாக மூன்று எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஆகவே இரண்டு கட்டமும் நிரம்பியிருப்பதே நல்லது. உனக்கு நிரம்பியிருக்கிறது, அதைக் கலைக்காதே என்பதுதான் என் யோசனை. பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனி இடம் இருக்கிறது, உன் பெயரை மாற்றாமலே சேர்க்கலாம். அடுத்த மாதம் நீங்கள் இருவரும் போகப் போகிற பயணத்துக்கு டிக்கெட்டில் உன் பெயர் இன்றைய பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்படித்தான் மாமா போட்டிருக்கேன்" என்றார். விவரமான பிள்ளை.

ஒருவேளை யோசித்துப் பார்த்து, மாற்றிக்கொள்ளவே உனக்கு விருப்பம் என்றால், தாராளமாகச் செய். யாரும் கேட்டதற்காக இல்லாமல் உனக்குப் பிடித்துச் செய்கிறாய் என்றால் அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. வரிசை மட்டும் தவறாதே. முதலில் கல்யாணப் பதிவு. அந்தச் சான்றிதழ்தான் பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் இடையே பாலம். அதைக் காட்டி ஆதாரை மாற்று. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால், எழுத்துக்கூட்டல் உட்பட ஒரே தடவையில் சரியாகச் செய். பிறகு ஆதாரைப் பார்த்து பான், அதைப் பார்த்து வங்கி, அலுவலகம், பி.எஃப். கடைசியாக, வெளிநாட்டுப் பயணம் எதுவும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து பாஸ்போர்ட். ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடித்துவிடு. பாதியில் நிறுத்தினால் அம்மா கதைதான்.

நீ மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் செய்தே ஆக வேண்டிய வேலை மூன்று இருக்கிறது.

ஒன்று, இப்போது சொன்ன கல்யாணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷச் சட்டப்படி இது கட்டாயம். கல்யாணம் நடந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் இன்னும் 60 நாள் கூடுதல் கட்டணத்தோடு உண்டு, ஆனால் நாம் அதுவரை போக வேண்டாம். உங்கள் இருவர் பெயரும் மதிப்பெண் சான்றிதழில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பத்திரிகையில் 'திருநிறைச்செல்வி மு.' என்று உன் பெயரை அச்சடிக்கும்போது நான் அச்சகத்தில் போய் உட்கார்ந்து பிழை திருத்தியதற்கு அம்மா கேலி செய்தாள். காரணம் இதுதான், பதிவுக்குப் போகும்போது அந்தப் பத்திரிகையும் ஒரு ஆவணம். பத்து பத்திரிகை தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ராமாயணத்துக்குள் ஒன்று வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தாகிவிட்டது.

இரண்டாவது, பி.எஃப். நியமனம். வேலைக்குச் சேர்ந்தபோது நீ அம்மா பெயரைக் கொடுத்திருக்கிறாய். கல்யாணத்துக்கு முன் கொடுத்த நியமனம் கல்யாணத்தோடு செல்லாது, புதிதாகக் கொடுக்க வேண்டும் என்பது அந்த விதி. பல பேருக்கு இது தெரிவதில்லை, பழையதே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதைப் புதுப்பிக்கும்போது பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று மறுபடி ஒரு பார்வை பார். அம்மா பெயரை எடுக்கிறோமே என்று நீ சங்கடப்படாதே. அவளுக்கு என் பென்ஷன் இருக்கிறது, நீ இருக்கிறாய், அது போதும்.

மூன்றாவதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் தயக்கம். ரேஷன் கார்டு. நீங்கள் இருவரும் சென்னையில் தனியாகக் கார்டு வாங்க வேண்டுமென்றால் முதலில் நம் கார்டிலிருந்து உன் பெயரை எடுக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'பெயர் நீக்கம்'. இத்தனை வருஷம் தமிழ் படித்துக் கொடுத்தவன், இதைவிட நல்ல சொல் ஒன்று கண்டுபிடித்துக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன், இன்னும் அகப்படவில்லை. நம் கார்டில் நான், அம்மா, நீ என்று மூன்று வரி இருக்கிறது. மூன்றாவது வரி போய்விடும். அதை நீ செய்ய வேண்டாம். என் கையால் நானே செய்து தருகிறேன், உனக்குப் புதுக் கார்டு வேண்டும்போது மட்டும் சொல். அந்தப் புதுக் கார்டில் பெயர் ஏற்றும்போது மட்டும் நீ பக்கத்தில் இரு. அம்மாவுக்கு இனிஷியல் மாறியது அந்த இடத்தில்தான்.

ஆச்சிக்கு என்ன பதில் சொல்வது என்றும் நீ யோசிப்பாய். வாதாடாதே. அவர்களிடம் சட்டமும் விதியும் பேச வேண்டாம். மறுவீடு போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "ஆச்சி, உங்க இனிஷியல் கல்யாணத்துக்கு முன்னால என்னவா இருந்துச்சு?" என்று கேள். எழுபது தாண்டிய எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் முகம் மலர்ந்து அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சு முடியும்போது உன் பதில் தானாகப் புரிந்துவிடும். புரியாவிட்டாலும் உங்கள் இருவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்திருக்கும். அந்த வீட்டில் உனக்கு முதலில் வேண்டியது அதுதான்.

இன்னொன்று. நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து பள்ளியில் சேர்க்கும்போது இனிஷியலில் மாப்பிள்ளையின் எழுத்து இருக்கும். அதற்கு முன்னால் உன் எழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருஷங்களில் அப்படி இரண்டு எழுத்தோடு வந்த பிள்ளைகளைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது கைக்கு நன்றாக இருக்கும். 2021 டிசம்பரில் அரசு இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணை போட்டது நினைவிருக்கட்டும், பிள்ளைக்குத் தமிழிலேயே எழுதிப் பழக்குங்கள். உன் எழுத்து ஒரு தலைமுறைக்கு முன்னால் நின்று பார்க்கட்டும். என் எழுத்து உன்னோடு நின்றால் எனக்குப் போதும்.

காலையில் நாலரைக்கு எழுப்புவார்கள், அலங்காரத்துக்கு ஆள் ஐந்து மணிக்கே வந்துவிடுவாள். இதைப் படித்து முடித்ததும் தூங்கு. சான்றிதழ்கள் எல்லாம் நீல நிற ஃபைலில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மறுவீடு முடிந்த திங்கட்கிழமை போகலாம். சாட்சிக் கையெழுத்துக்கு நானும் உன் சித்தப்பாவும் வருகிறோம். நீ மறக்காமல் உன் கையெழுத்தை மட்டும் எப்போதும் போடுவது போலவே போடு.

அன்புடன்,
அப்பா